பெருக்கலும் வெட்டும் எப்போதும் ஒன்றல்ல

"முழு எண்களில் இரண்டு ஐடியல்களைப் பெருக்கினாலும் வெட்டினாலும் ஒன்றுதான், இரண்டுமே மீ.பொ.ம. தரும்."

இப்படிச் சொல்பவர்கள் மன்னிக்கவும், மீ.பொ.ம. தருவது வெட்டு மட்டுமே. (4) என்பது 4-இன் எல்லா மடங்குகளும் அடங்கிய ஐடியல். (4), (6) இரண்டையும் எடுத்துப் பாருங்கள். 12 என்பது 4-இன் மடங்கு, 6-இன் மடங்கும்கூட. ஆகவே வெட்டில் இருக்கிறது. பெருக்கலில் இருப்பவையோ, 4-இன் மடங்கு ஒன்றை 6-இன் மடங்கு ஒன்றால் பெருக்கி, அப்படிக் கிடைத்தவற்றைக் கூட்டியவை. ஒவ்வொரு பெருக்கற்பலனும் 24-ஆல் வகுபடும். எத்தனையைக் கூட்டினாலும் அது மாறாது. எனவே 12 அங்கே நுழையவே முடியாது: (4)∩(6) = (12), ஆனால் (4)(6) = (24).

3, 5 கொண்டு சோதித்து, இரண்டும் ஒன்றுதான் என்று கண்டவரின் கணக்கில் பிழையில்லை. அவற்றின் மீ.பொ.வ. 1 என்பதால் இரண்டும் (15) ஆகிவிடுகின்றன. ஏமாற்றுவது அந்த எடுத்துக்காட்டுதான். பொதுக் காரணி உள்ள எண்களில் சோதித்தால் உடனே பிடிபடும்.

மீ.பொ.வ. எங்கே வருகிறது என்றால், ஐடியல்களின் கூட்டலில். 6 − 4 = 2 என்பதால் (4)+(6) = (2). 12-ஐ இந்த 2-ஆல் பெருக்கினால் 24.

இருமாறிப் பல்லுறுப்புக்கோவைகளின் கதை வேறு. அங்கே எல்லா ஐடியலும் ஓர் உறுப்பால் உருவாவதில்லை. இந்தக் கணக்கு அப்படியே செல்லாது.