அர்த்தம் கடைசியில் வரட்டும்

வேற்று மொழிக்காரரைக் காதலிப்பவர்களுக்கும் கட்டிக்கொண்டவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மொழியில் ஆசையாகக் கூப்பிடும் சொல்லுக்கு அவர் அர்த்தம் கேட்டால், அகராதி அர்த்தத்தை முதலில் சொல்லாதீர்கள். அந்தச் சொல் எப்போது வாயில் வரும், வரும்போது உள்ளே என்ன நடக்கும் என்பதை முதலில் சொல்லுங்கள்.

என் மனைவி லெபனான்காரி. லெபனானிலும் சிரியாவிலும் வீட்டுக்கு வீடு கேட்கும் சொல் ஒன்று உண்டு. எழுதினால் துக்புர்னி. பெய்ரூட், டமாஸ்கஸ் பேச்சில் நடுவில் உள்ள ‘க்’ தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். ‘தொ’பொர்னி’ என்பதுபோல் காதில் விழும். புதைகுழியைச் சொல்லும் ‘கபர்’ நமக்கும் தெரிந்த சொல்தான். அதே வேர்தான் இங்கேயும். சொல்லுக்குச் சொல் பார்த்தால், நீ என்னைப் புதைக்க வேண்டும் என்று வரும்.

இதை அப்படியே தமிழில் யோசித்துப் பாருங்கள். ‘எனக்குக் கொள்ளி வைக்க வந்தவனே’ என்றால் அது திட்டு. அர்த்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் ஒன்றில் கொஞ்சல், இன்னொன்றில் வசவு. அந்த மொழிபெயர்ப்பை மட்டும் கையில் கொடுத்திருந்தால் நான் முகம் சுளித்திருப்பேன். அப்புறம் அவள் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எனக்குச் சாவு ஞாபகம் வந்திருக்கும்.

அவள் அப்படிச் செய்யவில்லை. நான் கேட்டதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, “உன் தங்கை குழந்தை தொப்பென்று விழுந்துவிட்டு அழாமல் நம்மைப் பார்த்துச் சிரித்ததே, அப்போது உனக்கு என்ன தோன்றியது?” என்று திருப்பிக் கேட்டாள். அள்ளி எடுத்துக் கடித்துவிடலாம் போல இருந்தது என்றேன். “அந்தக் கடிக்கத் தோன்றுகிற நொடிதான். அதில் ஒரு பயமும் ஒட்டிக்கொண்டிருக்கும், கவனித்திருக்கிறாயா? இது இல்லாத ஒரு நாளை நான் பார்க்கவே கூடாது, அதற்கு முன்னால் நான் போய்விட வேண்டும் என்று. அந்த ஆசையும் பயமும் சேர்ந்து வாயில் வருவதுதான் இது.”

எனக்கு அந்த இடத்திலேயே பிடிபட்டது. ஆனால் அவள் அதோடு விடவில்லை, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. “ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. பாட்டிமார் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை சொல்வார்கள். பேரன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் சொல்வார்கள், தட்டைக் காலி செய்தால் சொல்வார்கள். யாரும் கண் கலங்க மாட்டார்கள்” என்றாள்.

உணர்வைச் சொல்லி விளக்குபவர்கள் சறுக்குவது இங்கேதான். உணர்வைச் சொல்லத் தொடங்கினால் கவிதையாகிவிடுகிறது. கேட்பவர் அதை மரணத்தையும் தாண்டிய காதல் என்று எடுத்துக்கொள்வார். பிறகு சமையலறையிலிருந்து சாதாரணமாக அந்தச் சொல் வரும்போது என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் விழிப்பார். அதனால் உணர்வோடு அதன் எடையையும் சொல்லியாக வேண்டும். யார் யாரிடம் சொல்வார்கள், எந்தக் குரலில், எவ்வளவு சர்வசாதாரணமாக என்பதெல்லாம் சேர்ந்தால்தான் விளக்கம் முழுமை. இந்தச் சொல் பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகும், காதலர்களுக்குள்ளும் புழங்கும். பெண்ணிடம் சொல்லும்போது முடிவு கொஞ்சம் மாறும்.

நேரடி அர்த்தத்தை அவள் கடைசியில்தான் சொன்னாள், இலக்கணத்தோடு சேர்த்து. அவர்கள் பேச்சில் ‘நீ செய்கிறாய்’ என்று நடப்பதைச் சொல்ல வினைக்கு முன்னால் ஒரு ‘ப’ ஒலி சேரும். இந்தச் சொல்லில் அது இல்லை. இல்லாததால் இது விருப்பம். நம் ‘வாழ்க’, ‘வருக’ மாதிரி வியங்கோள் என்று வைத்துக்கொள்ளலாம். ‘என்னைப் புதை’ என்று கட்டளையாக மொழிபெயர்த்தால் அது சொல்லுக்குச் சொல் கூடச் சரியில்லை. என்னை அடக்கம் செய்ய நீ இருப்பாயாக, அவ்வளவு காலம் நீ வாழ்வாயாக என்பதுதான் அதற்குள் இருப்பது. உணர்வு முன்னாலேயே உள்ளே போயிருந்ததால் புதைப்பது என்ற வார்த்தை எனக்கு உறுத்தவில்லை. அது எதற்கு அங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

சிலர் நேரடி அர்த்தத்தைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். ‘அது ஒரு செல்லப் பேச்சு, அவ்வளவுதான்’ என்று முடித்துவிடுவார்கள். அது எனக்குச் சம்மதமில்லை. இன்றைக்கு யாரும் போனில் தட்டிப் பார்த்துவிடலாம். தனியாக உட்கார்ந்து ‘புதை’ என்று படித்துவிட்டு, இத்தனை நாள் ஏன் இதை மறைத்தாள் என்று அவர் யோசிக்க வேண்டாமே. நீங்களே, உங்கள் வாயால், கடைசியாகச் சொல்லிவிடுங்கள்.