பாதிதான் வரும், அண்ணா

“கடத்திக்கு வெளியே புலம் σ/ε₀. அப்போ ஒரு சதுர மீட்டருக்கு விசை σ²/ε₀. எதிர்மின்னூட்டம் என்றால் உள்ளே இழுக்கும்.”

அண்ணா, புலம் சரி, மற்ற இரண்டும் தப்பு. σ என்பது கடத்தியின் பரப்பில் சதுர மீட்டருக்கு உள்ள மின்னூட்டம். அந்தப் பரப்பில் ஒரு சின்னத் துண்டை எடுங்கள். அது தன்னைத்தானே இழுக்க முடியாது. அதன் சொந்தப் புலம் வெளிப்பக்கம் σ/2ε₀, உள்பக்கம் அதே அளவு எதிர்த்திசையில். கடத்திக்குள் மொத்தம் சுழியாக வேண்டுமென்றால் மீதி மின்னூட்டமெல்லாம் சேர்ந்து அந்த இடத்தில் தரும் புலமும் σ/2ε₀ தான், துண்டை இழுப்பது அது மட்டுமே. ஆக σ²/2ε₀. இருமடி இருப்பதால் குறி எதுவானாலும் வெளிப்பக்கமே.

டர்பனில் நான் படித்த பள்ளியில் மின்னூட்டம் ஏற்றும் ஒரு வான் டி கிராஃப் உலோக உருண்டை இருந்தது. காற்றின் மின்காப்பு சுமார் 30 லட்சம் V/m-இல் முறியும், அப்போது σ ஏறக்குறைய 27 μC/m², அழுத்தம் 40 பாஸ்கல், அதாவது 4 மி.மீ. தண்ணீரின் எடை, அவ்வளவுதான்! உங்கள் கணக்கில் 80 வரும்.

ஜோபர்க் குளிரில் ஸ்வெட்டர் கழற்றினால் பொறி பறக்கிறது என்று மேலே ஒரு அக்கா எழுதியிருக்கிறார். உண்மைதான், ஆனால் கம்பளி கடத்தியில்லை, இந்தக் கணக்கு அங்கே செல்லாது. கூர்முனையில் காற்று இன்னும் அதிகப் புலத்தைத் தாங்கும், அங்கே எவ்வளவு வரும் என்பது முனையின் வளைவைப் பொறுத்தது.