“உராய்வு எப்போதும் எதிர்த்திசையில்” என்று எழுதிக் கொடுத்தது யார்?

இயக்கவியல் விரிவுரையை, ஒரு பொருளைத் தனியே பிரித்து அதன்மீதான விசைகளை அம்புகளாக வரையும் தனித்த பொருள் விசைப்படத்துக்கான ஒரு பக்கச் சரிபார்ப்புப் பட்டியலாகச் சுருக்கித் தரும்படி கேட்கும் பிள்ளைகள்மீது எனக்குக் கோபம் இல்லை. படத்தை வரையாமலே சமன்பாட்டுக்குத் தாவிவிடும் விரிவுரையின்மீதும், அந்த இடைவெளியை நிரப்புவதற்காக மூத்த மாணவர்கள் எழுதி வாட்ஸ்அப்பில் கைமாற்றிக்கொண்டிருக்கும் “விதிகள்”மீதும்தான் என் ஆத்திரம் முழுவதும்.

என் அக்காள் மகன் சிங்கப்பூரில் தேசிய சேவையை முடித்துவிட்டு இந்த ஆண்டுதான் பொறியியல் படிப்பில் சேர்ந்திருக்கிறான். தொடக்கக் கல்லூரியில் படித்த இயற்பியலுக்கும் இந்த விரிவுரைக்கும் நடுவே இரண்டு ஆண்டுகள் சீருடையில் போய்விட்டன. சைனும் கொசைனும் எந்தப் பக்கத்தில் வரும் என்பதையே அவன் மீண்டும் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் வகுப்பில் நிறையப் பேர் இருப்பார்கள் என்பது இந்த ஊரில் விரிவுரை நடத்தும் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவனுக்குக் கிடைத்த விரிவுரைப் பக்கங்களிலோ, ஒரு பக்கத்தில் சாய்தளமும் கட்டையும் கப்பியும் தொங்கும் எடையும் அழகான வண்ணங்களில் இருக்கின்றன. அடுத்த பக்கத்தில் கழித்தல் குறிகளெல்லாம் ஏற்கெனவே இடம்பிடித்துக்கொண்ட சமன்பாடு நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே “எனவே” என்ற ஒரே ஒரு சொல். எந்தத் திசையை நேர்த்திசையாக எடுத்துக்கொண்டார்கள், உராய்வு ஏன் கீழ்நோக்கி இருக்கிறது, கட்டையின் முடுக்கத்தையும் தொங்கும் எடையின் முடுக்கத்தையும் எப்படி ஒரே எழுத்தால் குறித்தார்கள் என்பவையெல்லாம் அந்த “எனவே”க்குள் புதைந்து கிடக்கின்றன. பதிவு செய்த காணொளியை எத்தனை முறை பின்னோக்கி ஓட்டினாலும், சொல்லாதது கேட்கப்போவதில்லை.

இந்த வெற்றிடத்துக்குள்தான் அந்த வாட்ஸ்அப் தாள் நுழைந்தது. அதன் முதல் வரி, உராய்வு எப்போதும் இயக்கத்துக்கு எதிர்த்திசையில் இருக்கும் என்கிறது. எம்ஆர்டி நிலையத்தை விட்டு ரயில் புறப்படும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் நிற்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ரயிலோடு சேர்ந்து அவரும் முன்னோக்கி வேகம் பெறுகிறார். அவரை முன்னோக்கித் தள்ளும் ஒரே கிடைத்தள விசை, காலணிக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுதான். அவருடைய இயக்கமும் முன்னோக்கி, உராய்வும் முன்னோக்கி. உராய்வு எதிர்ப்பது தொடும் பரப்புகளுக்கு இடையிலான வழுக்கலை, அல்லது வழுக்கப் போகும் போக்கை. தரையிலிருந்து பார்த்தால் பொருள் எந்தப் பக்கம் போகிறது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இதை வாயால் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு மறந்துவிடுவார்கள் என்பதால், ஒரே கணக்கை எடுத்துக்கொண்டு தொங்கும் எடையை மட்டும் மாற்றிக்கொண்டே போனேன். 30 பாகை சாய்தளத்தில் 10 கிலோகிராம் கட்டை; அதிலிருந்து சாய்தளத்துக்கு இணையாக மேலே சென்று, எடையும் உராய்வும் இல்லாத கப்பியைச் சுற்றி இறங்கும் கயிறு; அதன் முனையில் தொங்கும் எடை. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.25, இயக்க உராய்வுக் குணகம் 0.20. கட்டையின் எடையில் சாய்தளத்தின் வழியே கீழே இழுக்கும் பகுதி 49.05 நியூட்டன். தளம் கட்டையைத் தாங்கும் செங்குத்து விசை ஏறக்குறைய 85 நியூட்டன். ஆகவே நழுவாமல் பிடித்து வைக்க உராய்வால் அதிகபட்சம் 21.2 நியூட்டன் வரை தர முடியும்.

தொங்குவது 6 கிலோகிராம் என்றால் அதன் எடை 58.86 நியூட்டன். உராய்வை மறந்துவிட்டுப் பார்த்தால் கட்டை மேல்நோக்கிப் போக முயல்கிறது; மிச்சம் 9.81 நியூட்டன்தான். உராய்வால் அதைத் தடுக்க முடியும். எனவே எதுவும் நகராது, உராய்வு கீழ்நோக்கி 9.81 நியூட்டனாக இருக்கும். இப்போது தொங்குவதை 4 கிலோகிராமாக ஆக்குங்கள். கட்டை கீழ்நோக்கி நழுவ முயல்கிறது, உராய்வு அதே 9.81 நியூட்டனுடன் மேல்நோக்கித் திரும்பிவிடுகிறது. 5 கிலோகிராம் தொங்கினால் உராய்வே இல்லை. மூன்றிலும் கட்டை அசையாமல் நிற்கிறது, படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. உராய்வோ கீழே, மேலே, சுழி என்று மூன்று விதமாக இருக்கிறது. “இயக்கத்துக்கு எதிராக” என்ற விதியை வைத்துக்கொண்டு, இயக்கமே இல்லாத இந்த இடத்தில் அம்புக்குறியை எங்கே போடுவது?

அந்தத் தாளை நம்பி என் அக்காள் மகன் 6 கிலோகிராம் கணக்கை எப்படிப் போட்டான் தெரியுமா? உராய்வு என்றாலே குணகம் பெருக்கல் செங்குத்து விசை என்று எழுதி, முழு 21.2 நியூட்டனையும் கீழ்நோக்கிப் போட்டான். முடுக்கம் −0.71 என்று வந்தது. “கழித்தல் வந்தால் எதிர்த்திசை என்றுதானே பொருள், சித்தி? அப்படியென்றால் கட்டை கீழே இறங்குகிறது” என்றான். கட்டையைக் கீழே இழுப்பது எது என்று கேட்டேன். உராய்வு என்றான், சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஓய்விலிருக்கும் ஒரு பொருளை அசையாத தளத்தின் உராய்வு தானாக நகர்த்தத் தொடங்கியதாக விடை வந்தால், அந்தக் கழித்தல் குறி திசையைச் சொல்லவில்லை, பொருள் நகரவே இல்லை என்பதைச் சொல்கிறது. உராய்வு இருக்கும் கணக்கில் குறியை மட்டும் மாற்றிக்கொண்டு மேலே போகக் கூடாது. திசை மாறினால் உராய்வின் அம்பும் மாற வேண்டும், ஆகவே படத்தையே மறுபடி வரைய வேண்டும். இந்த ஒரு வரியைச் சொல்ல அந்த நீண்ட விரிவுரையில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கும் பொருளில் இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. 4 கிலோகிராம் தொங்கும்போது யாரோ தள்ளிவிட்டதால் கட்டை மேல்நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வேகம் குறைந்துகொண்டே வருவதால் முடுக்கம் கீழ்நோக்கி இருக்கிறது. அதைப் பார்த்ததும் பலர் உராய்வை மேல்நோக்கிப் போட்டுவிடுகிறார்கள். வழுக்கும் திசையைத் தீர்மானிப்பது திசைவேகம், முடுக்கம் அன்று. கட்டை தளத்தின்மீது மேல்நோக்கி வழுக்குவதால் உராய்வு கீழ்நோக்கித்தான்; இயக்க உராய்வு என்பதால் 0.20 பெருக்கல் 85, அதாவது 17 நியூட்டன். வேகம் நொடிக்கு நொடி 1.9 மீட்டர் என்ற அளவில் குறையும். கட்டை நின்றதும் கதை மாறும், ஓய்வுநிலைக் கேள்வியை மீண்டும் முதலிலிருந்து கேட்க வேண்டும்.

அடுத்தது முடுக்கத்தின் குறி. தொங்குவதை 8 கிலோகிராமாக ஆக்கினால் மிச்சம் 29.43 நியூட்டன், உராய்வின் எல்லையைத் தாண்டிவிட்டதால் கட்டை உண்மையிலேயே மேலே ஏறும். கட்டைக்கு மேல்நோக்கியும் தொங்கும் எடைக்குக் கீழ்நோக்கியும், அதாவது கயிறு ஓடும் போக்கிலேயே நேர்த்திசையை எடுத்துக்கொண்டு, கயிற்றின் இழுவிசையை T என்றும் முடுக்கத்தை a என்றும் குறித்தால் இப்படி வரும்:

```
T − 49.05 − 16.99 = 10a
78.48 − T = 8a
```

விடை a = 0.69 m/s², இழுவிசை ஏறக்குறைய 73 நியூட்டன். அந்தத் தாளோ “மேல்நோக்கி எப்போதும் நேர்க்குறி” என்று உபதேசிக்கிறது. அதன்படி இரண்டாவது வரியை T − 78.48 = 8a என்று எழுதுவதில் தவறில்லை; ஆனால் அப்போது அந்த a தொங்கும் எடையின் மேல்நோக்கிய முடுக்கம், கட்டையின் முடுக்கத்துக்கு எதிர்க்குறி கொண்டது. கயிறு நீளாது என்பதால் ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே ஆக வேண்டும் என்ற இந்தக் கட்டுப்பாட்டை எழுதாமல் இரண்டு இடத்திலும் ஒரே a-ஐப் போட்டால், முடுக்கம் 6.2 என்றும் இழுவிசை 128 நியூட்டன் என்றும் வரும். 78 நியூட்டன் எடையை 128 நியூட்டன் மேல்நோக்கி இழுக்கிறது, ஆனாலும் அது கீழே விழுகிறதாம்! இந்தத் தவற்றைக் கண்டுபிடிக்க விடைத்தாள்கூட வேண்டாம். இரண்டு சமன்பாடுகளையும் சேர்க்கும்போது பகுதியில் 10 கூட்டல் 8 வர வேண்டிய இடத்தில் 10 கழித்தல் 8 வந்து நிற்கும். இரண்டு எடைகளும் சமமாக இருந்தால் முடுக்கம் எல்லையில்லாமல் போய்விடும் என்பதைப் பார்த்தாலே ஏதோ பிசகு என்று புரிந்துவிடும்.

கடைசியில் அவனுக்கு நான் எழுதிக் கொடுத்த தாளில் விதிகளே இல்லை, கேள்விகள்தான் இருக்கின்றன. எந்தப் பொருளைத் தனியே பிரித்து வரைகிறாய்? அதை எவையெல்லாம் தொடுகின்றன? ஒவ்வொரு அம்பையும் எந்தப் பொருள் தருகிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத அம்பை அழித்துவிட வேண்டும். நிறை பெருக்கல் முடுக்கத்தை ஒரு விசையாக வரைந்து வைக்கும் பழக்கம் அங்கேயே அடிபட்டுப் போகும், ஏனென்றால் அதைத் தருவதற்கு ஒரு பொருளும் கிடையாது. அதன் பிறகு நேர்த்திசையை அம்புக்குறியாகவே படத்தில் வரைதல், கயிற்றின் கட்டுப்பாட்டைத் தனி வரியாக எழுதுதல். உராய்வு கடைசியில்தான்: வழுக்குகிறதா, வழுக்க முயல்கிறதா, எந்தப் பக்கம், எல்லைக்குள் அடங்குகிறதா என்று கேட்ட பிறகே அதற்கு அம்பு. செங்குத்து விசைக்கு mg cos θ என்று மனப்பாடமாக எழுதக் கூடாது, தளத்துக்குச் செங்குத்தான திசையில் கூட்டிப் பார்த்தே பெற வேண்டும். கயிறு சற்று மேல்நோக்கிச் சாய்ந்து இழுத்தால்கூட அது குறைந்துவிடும், அதோடு உராய்வின் எல்லையும் குறையும்.

“தேர்வில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது, சித்தி” என்கிறான். நேரமில்லாத தேர்வில் ஒரு தவறான அம்பை வைத்துக்கொண்டு அரைப் பக்கம் எழுதி, விடை சரிவரவில்லை என்று குறிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதற்கு மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறதோ! அவனையும் முழுதாகக் குறை சொல்ல முடியவில்லை. அடுத்த வாரத்துக்கான பக்கங்கள் வந்துவிட்டன. இந்த முறை கப்பிக்கும் நிறை உண்டு, அதன் சுழற்சியை முடுக்குவதற்குக் கப்பியின் இருபுறமும் கயிற்றின் இழுவிசை வேறுவேறாக இருந்தாக வேண்டும், அதனால் கப்பியையும் தனியே பிரித்து ஒரு விசைப்படம் வரைந்தே தீர வேண்டும். முதல் பக்கத்தில் வண்ணப் படம், இரண்டாம் பக்கத்தில் T₁, T₂ என்று குறித்த சமன்பாடு, நடுவே மீண்டும் அந்த “எனவே”. வாட்ஸ்அப் தாளின் மூன்றாவது வரியோ, ஒரே கயிறு என்றால் ஒரே இழுவிசை என்று தடித்த எழுத்தில் அடித்துச் சொல்கிறது.