16 பிட் PNG எடுத்தால் போதாதா?

3D ரெண்டரை எந்த ஃபைலாகச் சேமிப்பது என்று பேச ஆரம்பித்தால் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லிவிடுவார்: "EXR எல்லாம் எதற்கு, இடத்தை அடைக்கும். 16 பிட் PNG போட்டால் அதுவும் இதுவும் ஒன்றுதான்." இரண்டிலும் 16 என்ற எண் இருப்பதால் வரும் குழப்பம் இது. அந்த 16 பிட்டை இரண்டு ஃபைல்களும் வேறு வேறு வேலைக்குச் செலவழிக்கின்றன. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெளிச்சமும் நிறமும் திருத்தி லேயர்களைச் சேர்க்கும் காம்ப்போசிட்டிங்குக்குப் போகிற எந்த ரெண்டரையும் PNG-யாக எடுக்காதீர்கள். அது எத்தனை பிட் என்பது அப்புறம்தான்.

PNG முழு எண்களில் வேலை செய்கிறது. 8 பிட்டில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே 256 படிகள், 16 பிட்டில் 65,536 படிகள். இருட்டு வானத்தில் 20-லிருந்து 40 வரை மெதுவாக மாறும் நிறத்தை 1920 பிக்சல் அகலத்தில் 8 பிட்டாக எழுதினால், ஒவ்வொரு படியும் கிட்டத்தட்ட 96 பிக்சல் அகலப் பட்டையாகத் தெரியும். கிரேடிங்கில் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றினால் பட்டைகள் இன்னும் பளிச்சென்று வரும். 16 பிட் PNG இதைச் சரிசெய்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் உச்சவரம்பு மாறுவதில்லை. வெள்ளை, அதாவது 1.0, அதற்கு மேலே எதையும் எழுத இடமில்லை.

EXR-இன் 16 பிட் தசம எண். ஹாஃப் ஃப்ளோட் என்பார்கள். ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறிக்கு, 5 பிட் அடுக்குக்கு, 10 பிட் மதிப்புக்கு. அதனால் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும், அதாவது வெளிச்சம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறைக்கும், 1024 படிகள் கிடைக்கின்றன, இருட்டிலும் அதே, வெளிச்சத்திலும் அதே. உச்ச மதிப்பு 65,504. வேடிக்கை என்னவென்றால், 0.5-க்கும் 1.0-க்கும் இடையே மட்டும் பார்த்தால் 16 பிட் PNG-யில்தான் படிகள் அதிகம், சுமார் 32,000. நமக்கு அங்கே அவ்வளவு தேவையே இல்லை. தேவைப்படுவது 1.0-க்கு மேலே.

ஒரு உதாரணம். இரவு, ஒரு அறை. மேசையில் விளக்கு, ஜன்னல் வழியாக நிலா வெளிச்சம், மூலையில் டிவி. விளக்கின் பல்பு இருக்கும் பிக்சலில் மதிப்பு 40 என்று வைத்துக்கொள்வோம். PNG-யில் அது 1 ஆகிவிடும். திரையில் இரண்டும் வெள்ளைதான், வித்தியாசம் தெரியாது. இப்போது ஷாட்டின் எக்ஸ்போஷரை 3 ஸ்டாப் குறையுங்கள், அதாவது 8-ஆல் வகுங்கள். EXR-இல் பல்பு 5, இன்னும் எரிகிறது. PNG-யில் 0.125, அணைந்துபோன சாம்பல் வட்டம். ஃபோகஸ் மங்கலாக்கினாலும் இதே கதை. அந்தப் பிக்சலின் வெளிச்சம் 200 பிக்சலுக்குப் பரவினால் EXR-இல் ஒவ்வொன்றுக்கும் 0.2 சேரும், அழகான ஒளிவட்டம் வரும். PNG-யில் சேர்வது 0.005, பல்பு கரைந்தே போய்விடும். "கேமராவில் எடுத்த மாதிரி இல்லையே" என்று பலர் பிளக்இன் மாற்றிப் பார்ப்பது இதனால்தான். எந்த பிளக்இன் போட்டாலும் ஃபைலில் இல்லாத வெளிச்சம் வராது.

சரி, லேயர்களுக்கு வருவோம். இயக்குநர் சொல்கிறார்: "விளக்கைப் பாதியாகக் குறைங்க, டிவி கொஞ்சம் நீலமா வரட்டும்." ஒரே படமாக ரெண்டர் எடுத்திருந்தால் மாஸ்க் வரைந்து ஏமாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் ரெண்டர். ப்ளெண்டரில் 3.2-லிருந்து, ஒவ்வொரு விளக்கின் வெளிச்சத்தையும் தனி லேயராக எடுக்கும் லைட் குரூப் வசதி இருக்கிறது. மூன்று விளக்குகளுக்கும் மூன்று குரூப் போட்டு, `OpenEXR MultiLayer`-ஆக எடுத்திருந்தால் கணக்கு இவ்வளவுதான்:

```
Combined = Combined_Lamp + Combined_Window + Combined_TV
```

சுவரில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு 0.3, ஜன்னல் 0.1, டிவி 0.05, மொத்தம் 0.45. விளக்கைப் பாதியாக்கினால் 0.15, மொத்தம் 0.30. நிஜமாகவே அந்த விளக்கைக் குறைத்து ரெண்டர் எடுத்தாலும் 0.30-தான் வரும். தோராயம் இல்லை, அதே விடை. எதிரொளித்த வெளிச்சமும் அந்தந்த குரூப்புக்குள்ளேயே இருப்பதால் சுவரிலும் தரையிலும் கூட எல்லாம் ஒத்துப்போகும்.

இதே மூன்றையும் தனித்தனி PNG-யாக எடுத்துக் கூட்டலாமே என்று கேட்பீர்கள். PNG-யில் போவது திரைக்காக வளைத்த மதிப்புகள். sRGB வளைவில் 0.3 என்பது 0.58 ஆகிறது, 0.1 என்பது 0.35, 0.05 என்பது 0.25. கூட்டினால் 1.18. வர வேண்டிய விடை 0.70. சுவர் வெளுத்துவிடும். sRGB மட்டும் என்றால் வளைவைத் திருப்பி நேராக்கிவிடலாம். AgX, Filmic போன்ற திரைக்கான நிற மாற்றங்கள் போட்டு எழுதியிருந்தால் அதை ஒழுங்காகத் திருப்புவது நடக்காத காரியம். ஆக, ஃபார்மட் ஒரு முடிவு, லேயர் இன்னொரு முடிவு என்று பிரித்துப் பார்ப்பதே தப்பு. மதிப்புகள் நேர்கோட்டிலும் வெட்டப்படாமலும் இருந்தால்தான் லேயர்களைக் கூட்ட முடியும்.

எல்லாவற்றையும் 32 பிட்டில் எடுத்துவிடலாமா? வேண்டாம். நிறத்துக்கு ஹாஃப் தாராளம். முழு ஃப்ளோட் வேண்டியது நிறம் அல்லாத பாஸ்களுக்கு. ஆழத்தைச் சொல்லும் Z பாஸை மீட்டரில் ஹாஃபாக எழுதினால், 64 மீட்டருக்கு மேல் படி 6.25 சென்டிமீட்டர், 1024 மீட்டரைத் தாண்டினால் படி ஒரு முழு மீட்டர். தூரத்து மலைக்கு மூடுபனி போடும்போது அது அடுக்கடுக்காகத் தெரியும். ஒவ்வொரு பொருளையும் தனியாகத் தேர்ந்தெடுக்க உதவும் க்ரிப்டோமேட் பாஸ் இன்னும் கறார். பொருளின் பெயரிலிருந்து செய்த அடையாள எண்ணை அது 32 பிட் எண்ணாக வைத்திருக்கிறது. ஒரு பிட் மாறினாலும் அது வேறு பொருள். அதனால் நான் இரண்டு ஃபைலாகப் பிரிக்கிறேன். நிறமும் லைட் குரூப்களும் ஹாஃபில், Z-ம் க்ரிப்டோமேட்டும் 32 பிட்டில். இரண்டுக்கும் ZIP கம்ப்ரெஷன், அதில் இழப்பு இல்லை. DWAA என்ற கம்ப்ரெஷன் இழப்புள்ளது. இடம் நெருக்கடி என்றால் நிற ஃபைலுக்கு மட்டும் போடலாம், க்ரிப்டோமேட் இருக்கும் ஃபைல் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது.

இடம் பற்றிய புலம்பலில் நியாயம் உண்டு. 1920x1080 பிரேமில் மூன்று சேனல் ஹாஃப் லேயர் ஒன்று, கம்ப்ரெஷனுக்கு முன்னால் 12.4 எம்பி. பத்து லேயர் என்றால் 124 எம்பி. அதனால் கிடைக்கிற பாஸையெல்லாம் டிக் அடிக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. எந்தக் கேள்வி வரும் என்று யோசித்து அதற்கான லேயரை மட்டும் எடுங்கள். பெரும்பாலும் லைட் குரூப், க்ரிப்டோமேட், Z இவ்வளவே போதும். PNG-க்கும் இடம் உண்டு: ஒப்புதலுக்கு அனுப்பும் படம், வேலை முடிந்த பிறகு வெளியே போகும் ஸ்டில்.

முழு ஷாட்டையும் ரெண்டருக்குப் போடும் முன் ஒரே ஒரு பிரேமை எடுத்து, `Combined`-லிருந்து எல்லா லைட் குரூப்களின் கூட்டலையும் கழித்துப் பாருங்கள். முழுக்கக் கறுப்பாக வர வேண்டும். ஏதாவது மிச்சம் தெரிந்தால், எந்த குரூப்பிலும் சேராத வெளிச்சம் ஒன்று காட்சியில் இருக்கிறது. பெரும்பாலும் அது வேர்ல்ட் லைட்டாகவோ, எமிஷன் மெட்டீரியல் போட்ட ஏதோ ஒரு சின்னப் பொருளாகவோ இருக்கும். ரெண்டரிலேயே புள்ளி இரைச்சலை நீக்கும் டீநாய்ஸ் போட்டிருந்தால் லேசான புள்ளிகள் மிஞ்சும், ஏனென்றால் குரூப் பாஸ்கள் டீநாய்ஸ் ஆகாமல் வருகின்றன. இந்தச் சோதனைக்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள்.