அத்தை மகன் "ஒன்றுவிட்ட சகோதரர்" ஆன கதை

மரபணு ஆலோசனைக்கு வருபவர்களிடம் கொடுக்கும் தமிழ்ப் படிவங்கள் சிலவற்றில் இப்படி ஒரு கேள்வி இருக்கிறது: "உங்கள் கணவர் உங்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரரா?" ஆங்கிலத்தில் 'கசின்' என்று இருந்ததை அகராதி பார்த்து மாற்றியிருக்கிறார்கள். நம் ஊரில் ஒன்றுவிட்ட அண்ணன் என்றால் பெரியப்பா மகன், பெரியம்மா மகன். அவரையா கட்டிக்கொண்டாய் என்று கேட்டால் அடிக்காமல் விட்டால் சரி. அத்தை மகனைக் கட்டிய பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் போவார். எதைத் தெரிந்துகொள்ள அந்தக் கேள்வியை வைத்தார்களோ, அது கடைசி வரை தெரியாமலே போகும்.

சரி, "இரத்த உறவில் திருமணமா?" என்று கேட்கலாமே என்பார்கள். அதுவும் ஓடாது. நிறைய வீடுகளில் இரத்தம் என்றால் பங்காளிகள்தான். மாமன் வீடு வேறு கூட்டம், வேறு குலம், அதனால்தானே பெண் எடுக்கிறோம்? "ரத்த சொந்தமெல்லாம் இல்லைங்க, அத்தை பையன்தான்" என்று பதில் வரும். சொல்பவர் எதையும் மறைக்கவில்லை. அவர் கணக்கில் அது சரியான பதில்.

மரபணுவுக்குக் குலமும் தெரியாது, முறையும் தெரியாது. அண்ணன் மகளுக்கும் தங்கை மகனுக்கும் ஒரே தாத்தா பாட்டி. அந்தத் தாத்தாவிடம் இருந்த பழுதுபட்ட ஒரு மரபணு இரண்டு வழியாகவும் இறங்கி, பிறக்கும் குழந்தையிடம் ஜோடியாகச் சேர்ந்து நோயாகிவிடலாம். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பிறக்கும் குழந்தைக்கு, எந்த ஒரு மரபணு இடத்தை எடுத்தாலும், அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் வந்த இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடம் இருந்த ஒரே மரபணுவின் நகல்களாக இருக்கும் வாய்ப்பு 16-இல் 1. அக்கா மகளைக் கட்டினால் 8-இல் 1.

ஆகவே, என்னைக் கேட்டால் உறவின் பெயரையே கேட்கக் கூடாது. யார் வயிற்றில் யார் பிறந்தார் என்று கேட்க வேண்டும். "உங்கள் அப்பாவைப் பெற்றவர்கள் யார், அம்மாவைப் பெற்றவர்கள் யார்? உங்கள் வீட்டுக்காரருக்கு?" என்று எட்டுப் பேரின் பெயரை வாங்கி, இருவரையும் பெற்றவர்களின் பெயரோடு சேர்த்து எழுதிவிட்டால், எந்தப் பெயர் இரண்டு பக்கமும் வருகிறது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம் ஒன்றை வைத்துப் பார்ப்போம். ஒரு பெண்ணின் அப்பாவுக்குத் தங்கை உண்டு, அம்மாவுக்கு அண்ணன் உண்டு. அந்த அண்ணனுக்கே அந்தத் தங்கையைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய மகன் இந்தப் பெண்ணுக்கு அத்தை மகனும்தான், மாமன் மகனும்தான். இவர்கள் இருவரும் கல்யாணம் செய்துகொண்டால் படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்கள்? 'அத்தை மகன்' என்று சொல்வார்கள், ஆலோசகரும் 16-இல் 1 என்று எழுதிக்கொள்வார். ஆனால் இங்கே நான்கு தாத்தா பாட்டிகளும் இருவருக்கும் பொது. கணக்கு 8-இல் 1, அதாவது அக்கா மகளைக் கட்டியதற்குச் சமம். எட்டுப் பெயரை எழுதியிருந்தால் நான்கு பெயர் திரும்ப வருவதைப் பார்த்தவுடனே பிடித்திருக்கலாம்.

அப்புறம் இந்த மாமா விவகாரம். தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி எழுகிற, கெண்டைக்கால் பருத்த ஒரு சிறுவனை அழைத்து வருகிறார்கள். டுஷென் தசைச் சிதைவு நோயோ என்று சந்தேகம். தாயின் எக்ஸ் குரோமோசோம் வழியாக மகனுக்கு இறங்கக்கூடிய நோய் அது. "குடும்பத்தில் வேறு யாருக்காவது?" என்றால், "மாமா ஒருத்தர் சின்ன வயசிலேயே நடக்க முடியாமல் போய் இறந்துட்டார்" என்கிறார் அம்மா. எந்த மாமா? நம் வீட்டுப் பெண்கள் குழந்தையின் வாயால்தான் பாதி உறவைச் சொல்வார்கள். குழந்தைக்கு மாமாவா, இவருக்கு மாமாவா? மாமனாரும் மாமாதான், அத்தை புருஷனும் மாமாதான், சில வீடுகளில் கட்டியவரே மாமாதான்.

அவர் இவருடைய கூடப்பிறந்தவராக இருந்து, அவருக்கு வந்ததும் டுஷென்தான் என்றும், மகனின் நோயும் சோதனையில் டுஷென் என்றும் உறுதியானால், இந்த அம்மா நோயின் மரபணுவைச் சுமப்பவர் என்பது உறுதி. அடுத்துப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர் அத்தை புருஷனாக, இரத்தத்தில் எந்தத் தொடர்பும் இல்லாதவராக இருந்தால், அந்தத் தகவலால் இந்தக் கணக்கில் ஒன்றும் மாறாது. வேறு யாருக்கும் நோய் இல்லாத குடும்பங்களில் தாய் சுமப்பவராக இருப்பது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, மீதி மகனிடம் புதிதாக ஏற்பட்ட மாற்றம். "தாய்வழி மாமன்" என்று செந்தமிழில் அச்சடித்துவிட்டதால் இந்தக் குழப்பம் தீராது. "உங்களைப் பெற்ற அம்மா வயிற்றில் பிறந்த அண்ணன், தம்பி" என்று கேட்டால் தீரும்.

இதே சிக்கல் சித்தியிடமும் வரும். சிறுவனின் அம்மா சுமப்பவர் என்று தெரிந்த பிறகு, அவருடைய தங்கைக்கும் சோதனை தேவைப்படலாம் என்று ஆலோசகர் சொல்லியாக வேண்டும். கடிதத்தில் "சித்தியை அழைத்து வரவும்" என்று மட்டும் எழுதினால், சித்தப்பாவின் மனைவி வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பார்.