கதறலை எப்படிங்க விழுங்குறது?

கொழிஞ்சாம்பாறை மேடையில நடந்ததைப் பார்த்தவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவங்களுக்கு: ஒரு படத்துக்கான பிரிவுப் பாட்டு, வேலைக்குப் போறவனை பஸ் ஏத்தி வழியனுப்ப வந்தவ பாடறது. நம்ம ஊர்ப் பையன் அதுக்கு எழுதிக் கொடுத்த வரி, "விம்மலை விழுங்கிக் கையசைத்தேன்". பாட்டுல வந்தது, "கதறலை விழுங்கிக் கையசைத்தேன்". ஏன் மாத்தினீங்கன்னு கேட்டதுக்கு, "ரெண்டும் அழுகைதானே, இது கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கு"ன்னு மைக்ல இசையமைப்பாளர் பதில். கைதட்டல் வேற.

ரெண்டும் அழுகைதான், யார் இல்லைன்னா? விம்மல்ங்கறது அழுகை வெளிய வர்றதுக்கு முன்னாடி. நெஞ்சு ஏறி இறங்கும், தொண்டை அடைக்கும், வாய் மூடியே இருக்கும். அதனாலதான் அதை விழுங்க முடியுது. கதறல்னா வாய் திறந்தாச்சு, சத்தம் தெருமுனைக்குப் போயாச்சு. அதை எப்படிங்க விழுங்குறது? பஸ் ஜன்னலோரம் கதறினவ பக்கத்துல நாலு பேர் கூடியிருப்பாங்க, கையசைக்க எங்க இடம்?

"மனசுக்குள்ள கதறினான்னு எடுத்துக்கலாமே"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். உள்ளுக்குள்ள நடக்கறதுக்குக் குமுறல்னு ஒரு சொல் இருக்கு சார். ஆனா குமுறல்ல கோபமும் கலந்திருக்கும். வேலைக்குப் போறவனை வழியனுப்ப வந்தவளுக்கு யார் மேல கோபம்? அதனாலதான் பையன் அதையும் தொடலை. யோசிச்சுத்தான் எழுதியிருக்கான்.

அடுத்தது, "மெட்டுக்கு உட்காரலை". இது கொஞ்சம் நியாயமான பேச்சு, அதனால எண்ணியே பார்த்துடுவோம். "விம்" நெடில் அளவு இழுக்கும், "ம", "லை" ரெண்டும் குறில் அளவு. மொத்தம் நாலு மாத்திரைக் காலம். "க-த-ற-லை", நாலும் குறில் அளவு, அதுவும் நாலு. காலம் சரியா இருக்கறதாலதான் மாத்தினது யாருக்கும் உறுத்தலை. ஆனா "விம்"ல பாடகி உதட்டை மூடியே ஆகணும். அந்த "ம்"ல சத்தம் மூக்கு வழியா முட்டிக்கிட்டு நிக்கும். அழுகையை அடக்கற வாய் அப்படித்தான் இருக்கும். "கதற"ல மூடவே இடமில்லை, திறந்த வாய்தான். மெட்டுக்கு உட்கார்ந்தது, வாய்க்கு உட்காரலை. மெட்டு தெரிஞ்சவங்க இதைக் கேக்காம விட்டதுதான் ஆச்சரியம்.

ரெண்டாவது சரணத்தைப் பத்தி யாருமே பேசலை. பையன் எழுதினது "நீர் ததும்ப நின்றேன்". அதாவது கண் விளிம்புல தண்ணி நிக்குது, இன்னும் விழலை. அதைத் "தேம்பி நின்றேன்"னு ஆக்கிட்டாங்க, வண்டி கிளம்பறதுக்கு முன்னாடியே! தேம்பல் எப்ப வரும்? அழுது முடிஞ்ச அப்புறம். அடி வாங்கின குழந்தை அழுது ஓய்ஞ்சு தூங்கிடும், தூக்கத்துலயே மூச்சு ரெண்டு மூணு தடவையா வெட்டி வெட்டி உள்ள இழுக்கும், தோள் லேசா குலுங்கும். அதுதான் தேம்பல். பையன் அதைக் கடைசி வரிக்குன்னே வெச்சிருந்தான், ராத்திரி வீட்டுல. முதல்ல ததும்பல், அப்புறம் விம்மல், கடைசியா தேம்பல். இப்பப் பாட்டுல அவ முதல்லயே அழுது முடிச்சுடறா, அப்புறம் கதறலை விழுங்கறா. கால வரிசையே தலைகீழ். இழவு வீட்டுக்குப் போய் வந்த எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லும்: உடம்பைப் பார்த்ததும் கதறல், சுத்தி உக்காந்தா ஒப்பாரி, எடுத்துட்டுப் போன அப்புறம் கேவல். யாரும் முன்னபின்ன அழறதில்லை.

"இதெல்லாம் ஆடியன்ஸுக்குப் புரியாது"ன்னாங்க. சரி, அதைக்கூட விட்டுடலாம். "பாலக்காட்டுப் பக்கம் இருக்கற நீங்க பேசறதே பாதி மலையாளம், உங்களுக்குத் தமிழ்ல என்ன தெரியும்"ன்னு சிரிச்சுக்கிட்டே ஒருத்தர் சொன்னாரே, அதை எங்க விடறது? நாங்க ரெண்டு மொழி அழுகையும் கேட்டு வளர்ந்தவங்க சார். மலையாளத்துல உதடு துடிச்சா விதும்பல், விக்கி விக்கி அழுதா தேங்ஙல், பொதுவா அழுதா கரச்சில். பக்கத்து வீட்டு சேச்சி ஒண்ணு சொல்ற இடத்துல இன்னொண்ணு சொல்லமாட்டாங்க. புலம்பறதுன்னு அவங்க சொன்னா பிதற்றுறது, நாம சொன்னா துக்கத்தைச் சொல்லிச் சொல்லி அழறது. தொல்காப்பியத்துல "புலம்பே தனிமை". அங்க புலம்புன்னாலே தனியா நிக்கறதுதான், வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. பிரிவுப் பாட்டுக்கு இதைவிட என்ன வேணும்? எல்லையில இருக்கறதால எங்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் காதுல விழுது. உங்களுக்கு விழலைன்னா அது எங்க தப்பா?

நான் இசையமைப்பாளருக்கு எதிரின்னு இன்பாக்ஸ்ல திட்டறவங்களுக்கு: மெட்டு நல்லாவே இருக்கு. அதனாலதான் இவ்வளவு எரிச்சல். பாட்டு இன்னும் ரிலீஸ் ஆகலை, திரும்பப் பாட வைக்கணும்னா ரெண்டே இடம்தான். ரெண்டும் முடியாதுன்னா "விம்மலை"யை மட்டுமாவது திரும்ப வைங்க. அதுவும் முடியாதுன்னா பாடல் வரிகள்னு போடற இடத்துல பையன் பேருக்குப் பக்கத்துல மாத்தினவர் பேரையும் போடுங்க.