விளக்கு அணையாவிட்டால் தொட்டிக்குள் இறங்கலாமா?

“நிலத்தடித் தொட்டிக்குள் எரியும் விளக்கை இறக்குங்கள், அணையாவிட்டால் தைரியமாக இறங்கிச் சுத்தம் செய்யலாம்.”

இது தவறு, உயிரைப் பறிக்கும் தவறு. மெழுகுவர்த்தி அணைய ஆக்சிஜன் ஏறத்தாழ 16 சதவீதத்துக்குக் குறைய வேண்டும்; மனிதருக்கோ 19.5-க்குக் கீழேயே ஆபத்து. அழுகும் கழிவிலிருந்து வரும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு ஆளைச் சாய்க்கும் அளவில் இருந்தாலும் சுடர் அசையாது. மீத்தேன் தேங்கியிருந்தால் அந்தச் சுடரே வெடிக்க வைக்கும். முகர்ந்து பார்ப்பதும் உதவாது. ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு, என்ற அளவை எட்டும்போது மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போய்விடும்.

நான்கு வாயுக்களை அளக்கும் கருவியின் குழாயை வெளியிலிருந்தே இறக்கி, மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் எண் நிலைக்கும்வரை காத்திருந்து அளக்க வேண்டும். மூன்று மீட்டர் ஆழத் தொட்டி ஒன்றில் வாய்ப்பகுதியில் ஆக்சிஜன் 20.8, ஹைட்ரஜன் சல்பைடு பூஜ்யம் என்று காட்டலாம். அடியிலோ ஆக்சிஜன் 18 சதவீதமும் ஹைட்ரஜன் சல்பைடு 40 பிபிஎம்மும் இருக்கலாம். அப்படியானால் யாரும் இறங்கக் கூடாது. ஊதுவிசிறியின் குழாயை அடிவரை விட்டுக் காற்றைச் செலுத்தி, மீண்டும் அளக்க வேண்டும். சேற்றைக் கிளறும்போது அடைபட்ட வாயு திடீரென வெளிவரும் என்பதால், இறங்குபவரின் மார்பிலும் தொடர்ந்து வாயுவை அளக்கும் கருவி இருக்க வேண்டும். விசிறியும் நிற்கக் கூடாது.

இறங்குபவர் உடல்வார் அணிந்து, மேலே முக்காலியில் உள்ள கைச்சுழல் கயிற்றில் இணைந்தே இறங்க வேண்டும். வெளியே நிற்கும் காவலாள் கயிற்றைச் சுழற்றித்தான் தூக்க வேண்டும். மயங்கியவரைக் காப்பாற்ற அப்படியே உள்ளே குதித்தவர்கள் அவருடன் சேர்ந்து இறந்த விபத்துகள் ஏராளம்.